வரன் காட்டும் வர்த்தக ஆப்

திருமணத் தகவல் தளத்திலோ டேட்டிங் ஆப்பிலோ அறிமுகமாகும் ஒருவர் சில வாரங்கள் அன்பாகப் பேசுவார். பிறகு ஒரு முதலீட்டு ஆப்பைக் காட்டி அதில் பணம் போட வைப்பார். போட்ட பணம் திரையில் பெருகிக்கொண்டே போகும், ஆனால் எடுக்கப் போனால் வராது. மோசடியின் மொத்த உருவம் இவ்வளவுதான். பழைய காதல் மோசடிகளில் ஏமாற்றுகிறவர் விபத்து, ஆஸ்பத்திரிச் செலவு, விமான டிக்கெட் என்று தனக்காகப் பணம் கேட்பார். கேட்ட இடத்திலேயே பலருக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்தப் புதிய வகையில் அவர் தனக்கென்று ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை. பணம் போடுகிறவர் தன் பெயரில் உள்ள கணக்கில், தன் லாபத்துக்காக, தன் விருப்பப்படி போடுவதாகவே கடைசிவரை நம்புகிறார். படித்தவர்களும் வங்கியில் வேலை செய்பவர்களும் இதில் விழுவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர் வங்கியின் தலைவராக இருந்த ஷான் ஹேன்ஸ் என்பவர் இதே வகைக் கிரிப்டோ முதலீட்டு மோசடியில் சிக்கினார். திரையில் தெரிந்த லாபத்தை விடுவிக்க, தன் வங்கியிலிருந்தே 4 கோடியே 71 லட்சம் டாலரை எடுத்து அனுப்பினார். 2023 ஜூலையில் அந்த வங்கி மூடப்பட்டது. 2024இல் அவருக்கு 24 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரை இழுத்தது திருமண வரன் அல்ல, வாட்ஸ்ஆப்பில் வந்த ஓர் அறிமுகம். ஆனால் அவருக்குக் காட்டப்பட்டதும் எடுக்க முடியாத லாபம்தான். பணத்தைப் பற்றித் தெரிந்திருப்பது இதற்குக் கவசம் ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

பேச்சு நகரும் விதம்

புகார்களில் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களைக் கோத்து ஒரு மாதிரி நிகழ்வை அமைத்துப் பார்க்கலாம். கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 36 வயதுப் பெண், விவாகரத்தானவர், திருமணத் தளத்தில் பதிவு செய்திருக்கிறார். லண்டனில் கட்டடப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வரனிடமிருந்து அவருக்கு விருப்பம் வருகிறது. வயது 40, மனைவி இறந்துவிட்டார், பூர்வீகம் திருச்சி. படங்கள் எடுப்பாக இருக்கின்றன, ஆனால் சினிமாத்தனமாக இல்லை. இரண்டாவது நாளே, "இந்த ஆப்பை நான் அதிகம் பார்க்கறதில்லை, வாட்ஸ்ஆப்ல பேசலாமா?" என்று கேட்கிறார். திருமணத் தளம் போலிக் கணக்குகளைக் கண்டுபிடித்து நீக்கக்கூடியது, உரையாடலையும் கண்காணிக்கக்கூடியது. அந்தக் கண்காணிப்பிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை.

அடுத்த மூன்று வாரங்கள் பணப் பேச்சே இல்லை. காலை வணக்கம், மதியம் சாப்பாட்டுப் படம், இரவு அன்றைய நாளைப் பற்றிய பேச்சு. "சாப்டீங்களா?" என்று தொடங்கியது பத்து நாளில் "சாப்டியாம்மா?" என்றாகிறது. திருமணத்துக்குப் பின் எங்கே வசிப்பது, பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் பேச்சு போகிறது. இடையிடையே அக்கறையாக வரும் கேள்விகளைத் தனியே பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். வீடு சொந்தமா வாடகையா, கடன் ஏதாவது இருக்கிறதா, சேமிப்பை எங்கே வைத்திருக்கிறாய், வீட்டில் பண விஷயத்தை யார் பார்க்கிறார்கள், யாரிடம் எல்லாவற்றையும் சொல்வாய்? இது ஆளை எடைபோடும் வேலை. எவ்வளவு கறக்கலாம், குறுக்கே நிற்கக்கூடியவர் யார் என்பது இந்த வாரங்களில் குறித்து வைக்கப்படுகிறது.

நான்காவது வாரம் ஒரு மாலையில் அவர் பதில் எழுதத் தாமதமாகிறது. "மன்னிச்சுக்கோ, டிரேடிங் நேரம், அரை மணி நேரம் போனை எடுக்க முடியல" என்று எழுதிவிட்டு, லாபம் காட்டும் திரைப்படம் ஒன்றை அனுப்புகிறார். அது என்ன என்று அந்தப் பெண்ணே கேட்கிறார். இங்கே கேட்க வைப்பதில்தான் தொழில் நேர்த்தி இருக்கிறது. தானாகத் தேடிக் கேட்டதால், யாரோ தன் தலையில் கட்டினார்கள் என்ற எண்ணம் பின்னால்கூட அவருக்கு வராது. வரனோ சொல்லத் தயங்குகிறார். தன் மாமா பெரிய முதலீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர், அவர் குறிப்புத் தருகிறார், வெளியில் சொல்லக் கூடாது என்கிறார். பிறகு, "நம்ம எதிர்காலத்துக்குத்தானே" என்று ஓர் இணைப்பை அனுப்புகிறார்.

அந்த இணைப்பில் உள்ள ஆப் பெரும்பாலும் கூகுள் ப்ளே ஸ்டோரில் இருப்பதில்லை. தனியாக இறக்கிக்கொள்ள வேண்டிய கோப்பாகவோ, வெறும் இணையப் பக்கமாகவோ இருக்கும். அதில் பெயர், ஆதார், பான் எல்லாம் கேட்டு ஒரு கணக்கு திறக்கப்படுகிறது. பணம் போடுவது அந்த ஆப்பின் வழியே நடக்காது. டெலிகிராமில் இருக்கும் "வாடிக்கையாளர் சேவை" அப்போதைக்கு ஒரு வங்கிக் கணக்கு எண்ணைத் தரும். அந்தப் பெண் 20,000 ரூபாய் போடுகிறார். மூன்று நாளில் அது 25,000 ஆகிறது. "நம்பிக்கை இல்லாட்டி லாபத்தை எடுத்துப் பாரு" என்கிறார் வரன். 5,000 ரூபாய் பத்தே நிமிடத்தில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது.

இந்த மோசடியின் அச்சாணி அந்த 5,000 ரூபாய்தான். அதுவரை இருந்த சந்தேகத்தை அது துடைத்துவிடுகிறது. பின்னால் அண்ணனோ தோழியோ எச்சரித்தாலும், "நானே எடுத்துப் பார்த்துட்டேன்" என்ற பதில் தயாராக இருக்கும். ஏமாற்றுகிறவர்களுக்கு அது விளம்பரச் செலவு.

அதன் பிறகு தொகை ஏறுகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து 1,50,000. பெரிய வாய்ப்பு ஒன்று இரண்டு நாள்தான் திறந்திருக்கும் என்றதும் தனிநபர் கடன் 4,00,000. வரன் தன் பங்காக 5,00,000 ரூபாயை அந்தப் பெண்ணின் கணக்கிலேயே போட்டதாகத் திரை காட்டுகிறது. அது உண்மைப் பணம் அல்ல, யாரோ தட்டச்சு செய்த எண். ஆனால் அவர் தனக்காகப் பணம் போட்டுவிட்டார் என்ற கடன்பட்ட உணர்வு உண்மையானது. நகைக் கடனும் வைப்பு நிதியும் சேர்ந்து இன்னொரு 6,00,000 போகிறது. வங்கியில் கேட்டால் வீடு வாங்க என்று சொல்லச் சொல்லி முன்பே பயிற்சி தரப்பட்டிருக்கும். போட்டது மொத்தம் 11,70,000. திரையில் வரனின் பங்கு நீங்கலாக 38,00,000.

பணத்தை எடுக்க முயன்றதும் காட்சி மாறுகிறது. லாபம் 26,30,000 ரூபாய்க்கு 30 சதவீத வரியாக 7,89,000 ரூபாயை முதலில் கட்ட வேண்டும் என்கிறது வாடிக்கையாளர் சேவை. இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள் என்றால், விதி அனுமதிக்காது என்ற பதில் வரும். கட்டினால் அடுத்து பாதுகாப்பு வைப்புத்தொகை, அதற்கடுத்து பணமோசடித் தடுப்புச் சரிபார்ப்புக் கட்டணம், அதற்கும் அடுத்து தாமத அபராதம். பெயர்தான் மாறும். வரன் ஒரு பக்கம் அழுவார், "என்னோட அஞ்சு லட்சமும் மாட்டிக்கிச்சே, பாதியை நான் புரட்டறேன், மீதியை நீ பாரு" என்பார். இனி எதுவும் பெயராது என்று தெரிந்த நாளில் மிரட்டலாகவோ மௌனமாகவோ எல்லாம் முடியும்.

திரையில் இருப்பது என்ன

அந்த ஆப் சந்தையோடு இணைந்ததே அல்ல. விலைகள் ஏறி இறங்குவது உண்மையான சந்தை விவரத்தை இரவல் வாங்கிக் காட்டுவதாக இருக்கலாம், ஆனால் கணக்கில் தெரியும் இருப்பு பின்னால் இருப்பவர் நிரப்பும் எண். வாங்கியதாகக் காட்டும் பங்கு எங்கேயும் வாங்கப்படவில்லை. பணம் வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறிய நொடியிலேயே பறிபோய்விட்டது. திரையில் பின்னால் நடப்பதெல்லாம் அடுத்த தவணைக்கான நாடகம். இதைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர்களைக் கட்டிப்போடுவது இழந்த 11,70,000 அல்ல, கிடைக்கப்போவதாகத் தெரியும் 38,00,000. அந்த எண்ணைக் காப்பாற்றத்தான் அவர்கள் மேலும் கட்டுகிறார்கள்.

வரிக் கதையில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதால் அது எடுபடுகிறது. இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஆனால் அதை வருமான வரித் துறைக்கு, வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் முறையில், முதலீட்டாளரே கட்டுகிறார். விற்பனையின்போது பிடிக்கப்படும் 1 சதவீதமும் வரும் தொகையிலிருந்துதான் கழிக்கப்படும். சொந்தப் பணத்தை எடுக்க, முதலில் வெளியிலிருந்து பணம் கொண்டுவந்து கட்டச் சொல்லும் தரகு நிறுவனமோ பரிமாற்ற நிறுவனமோ சட்டப்படி இயங்கும் ஒன்றாக இருக்க முடியாது. எடுப்பதற்காகக் கட்டச் சொல்வது என்ற ஒரே ஓர் அடையாளம் போதும், வேறெந்தச் சோதனையும் தேவையில்லை.

செலுத்தும் கணக்கின் பெயரும் காட்டிக்கொடுக்கும். முறையான பங்குத் தரகருக்குப் பணம் போனால் அது அந்தத் தரகு நிறுவனத்தின் பெயரில் உள்ள வாடிக்கையாளர் கணக்குக்குப் போகும். மோசடியில் ஒவ்வொரு முறையும் கணக்கு மாறும்: ஒரு நாள் ஏதோ டிரேடர்ஸ், மறுநாள் ஏதோ என்டர்பிரைசஸ், அடுத்து தனிநபர் பெயர். இவை கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள். பணம் வந்த சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குச் சிதறும், அங்கிருந்து ரொக்கமாகவோ டாலர் மதிப்புக் கிரிப்டோவாகவோ மாறி நாட்டை விட்டுப் போகும்.

திரைக்குப் பின்னால்

காலை வணக்கம் அனுப்பியவர் பெரும்பாலும் ஒரே ஆள் அல்ல. மியான்மரின் மியாவாடி, கம்போடியாவின் சிஹானுக்வில் போன்ற இடங்களில் மதில் சூழ்ந்த வளாகங்களில் ஷிப்டு முறையில் இந்த வேலை நடக்கிறது. ஒருவர் அறிமுகப் பேச்சைத் தொடங்குவார், இன்னொருவர் பணப் பேச்சை எடுப்பார். எந்த நாளில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிய கையேடும், இலக்கானவரைப் பற்றிய குறிப்புகளும் அவர்கள் முன்னால் இருக்கும். வீடியோ அழைப்பு கேட்டால் அதற்கென்றே வேலைக்கு வைத்த ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள், முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருளும் இருக்கிறது. ஆகவே வீடியோவில் முகம் பார்த்துவிட்டேன் என்பது எதையும் நிரூபிப்பதில்லை.

அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கடத்தப்பட்டவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி வலுக்கட்டாயமாக வேலை வாங்கப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று ஐ.டி. படித்த இளைஞர்களை அழைத்துப்போய் எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைப்பதாக இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அப்படி மியாவாடியில் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. தமிழில் "சாப்டியாம்மா" என்று எழுதும் கை அடிக்குப் பயந்து எழுதுவதாகவும் இருக்கலாம். அதற்காக அந்தப் பேச்சைத் தொடர வேண்டியதில்லை. அவரைத் திருத்தவோ மீட்கவோ அந்த உரையாடல் வழியே ஒருவராலும் முடியாது.

பணம் போவதற்கு முன் விலகுவது

இன்னும் பணம் போடாதவருக்கு விலகுவது எளிது. பேச்சு எந்த நிலையில் இருந்தாலும், "கல்யாணம் முடிவாகும்வரை பண விஷயம் எதுவும் பேச வேண்டாம். முதலீடு செய்தால் என்னுடைய டீமேட் கணக்கு வழியாகத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் கவனித்தால் போதும். மணமுடிக்க வந்தவருக்கு இதில் இழப்பு ஏதுமில்லை. பணத்துக்காக வந்தவர் முதலில் வற்புறுத்துவார், பிறகு நம்பிக்கையில்லையா என்று புண்பட்டதுபோல் பேசுவார், பின் மெல்ல மறைவார். மோசடிக் கூட்டத்துக்கு நேரம்தான் காசு. தராத ஆளிடம் அவர்கள் தங்க மாட்டார்கள்.

ஆப்பையும் சரிபார்க்க வழி உண்டு. பங்குச் சந்தை என்றால், செபியின் இணையதளத்தில் பதிவு பெற்ற தரகர் பட்டியல் இருக்கிறது. ஆனால் பதிவு எண் இருப்பது மட்டும் போதாது, உண்மை நிறுவனத்தின் எண்ணையும் பெயரையும் திருடி ஒட்டிக்கொள்வது சாதாரணம். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற நிறுவனங்களின் யுபிஐ முகவரியில் "@valid" என்ற சொல் இருக்கும். SEBI Check என்ற வசதியில் யுபிஐ முகவரியையோ வங்கிக் கணக்கு எண்ணையோ இட்டுப் பார்க்கலாம். இன்னும் உறுதியான சோதனை வேறொன்று. இந்தியாவில் ஒருவர் பங்கு வாங்கினால் அது சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் என்ற வைப்பகத்தில் அவர் பெயரில் பதிவாகும், குறுஞ்செய்தியும் மாத அறிக்கையும் வரும். ஆப்பில் பங்கு இருக்கிறது, வைப்பகத்தில் இல்லை என்றால் பங்கே இல்லை. "வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் கணக்கு, டீமேட் தேவையில்லை" என்று யாராவது விளக்கம் சொன்னால், சாதாரண இந்தியக் குடிமகன் அந்த வழியில் வர்த்தகம் செய்யவே முடியாது என்று செபி 2024இல் எச்சரித்திருக்கிறது. அந்நியச் செலாவணி வர்த்தகம் என்றால், அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி வெளியிட்டுள்ளது. ஆனால் அதில் பெயர் இல்லாததால் ஒரு தளம் நல்லது என்று ஆகிவிடாது.

பணம் போன பிறகு விலகுவது

முதல் விதி, இனி ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. வரி, வைப்புத்தொகை, கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. கட்டிய பணத்தை மீட்கக் கட்டுவது என்ற எண்ணம்தான் இழப்பை இரட்டிப்பாக்குகிறது. திரையில் இருப்பு இருந்தால் புதிதாக எதுவும் கட்டாமல் முழுத்தொகையையும் ஒரே ஒரு முறை எடுக்கக் கோரிப் பார்க்கலாம். அதற்காகக் காத்திருந்து புகாரைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது, சந்தேகம் வந்துவிட்டது என்பதை அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது. சண்டை போட்டு நியாயம் கேட்கத் தோன்றும், போலீஸுக்குப் போவேன் என்று சொல்லத் தோன்றும். சொன்ன மறுநிமிடம் ஆப்பில் கணக்கு முடக்கப்படும், உரையாடல் அழியும். டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இருவர் பக்கத்திலிருந்தும் முழு உரையாடலையும் அழித்துவிட முடியும். ஆகவே முதலில் ஆதாரம் சேர்க்க வேண்டும். திருமணத் தளத்தில் அவரது பக்கம், தொலைபேசி எண்கள், ஆப்பின் முகவரி, இருப்புத் திரை, கட்டச் சொன்ன செய்திகள் அனைத்தையும் திரைப்படம் எடுத்து, வாட்ஸ்ஆப் உரையாடலை "Export chat" மூலம் வெளியே சேமித்து வைக்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். கடந்த இரண்டு மூன்று நாளில் பணம் அனுப்பியிருந்தால், ஆதாரம் சேர்ப்பதற்கு முன்பே போனை எடுத்து 1930ஐ அழைத்துவிட வேண்டும்.

1930 என்பது நாடு முழுவதுக்குமான இணையக் குற்ற உதவி எண். அழைப்பவரிடம் எந்த வங்கியிலிருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்பார்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய எண்ணையும் கேட்பார்கள். யுபிஐ என்றால் 12 இலக்க எண், மற்றவற்றுக்கு வங்கி அறிக்கையில் UTR என்று இருக்கும் எண். இந்த விவரம் பணம் போய்ச்சேர்ந்த வங்கிக்கும், அங்கிருந்து அடுத்துப் போன வங்கிகளுக்கும் அனுப்பப்பட்டு, மீதமிருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. கடைசியாக அனுப்பிய தொகைதான் இன்னும் எங்காவது தங்கியிருக்க வாய்ப்புள்ளது என்பதால் அதிலிருந்து தொடங்கிச் சொல்வது நல்லது. பின்னர் cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரைப் பதிய வேண்டும். தன் வங்கிக் கிளைக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்வது நல்லது. நிறுத்தி வைக்கப்பட்ட தொகை நீதிமன்ற உத்தரவின் பேரில் திரும்பக் கிடைக்கலாம். நாட்டை விட்டுப் போன தொகை வருவது அரிது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடக்கும் வங்கி மோசடிகளில் வங்கியே இழப்பை ஏற்கும் விதி ரிசர்வ் வங்கியிடம் உண்டு. ஆனால் தானே கடவுச்சொல்லிட்டு அனுப்பிய பணத்துக்கு அது பொதுவாகப் பொருந்தாது. தனிநபர் கடனும் நகைக் கடனும் மோசடியால் ரத்தாவதில்லை. தவணை தவறும் முன்பே வங்கியிடம் புகார் நகலோடு போய், தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்பது மட்டுமே நடைமுறையில் உள்ள வழி.

பலரைத் தடுப்பது பயம். "நீ செய்தது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம், போலீஸுக்குப் போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள்" என்று வரனே சொல்லியிருப்பார். புகார் தருகிறவர் ஏமாற்றப்பட்டவர் என்பதற்கு அந்த உரையாடல்தான் சாட்சி. உண்மையில் பயப்பட வேண்டியது புகார் தராமல் இருப்பதற்குத்தான். ஆரம்பத்தில் லாபம் என்று வந்த அந்த 5,000 ரூபாய் பெரும்பாலும் இன்னொரு பாதிக்கப்பட்டவரின் பணம். அவர் புகார் செய்யும்போது பணம் போன பாதை தொடரப்பட்டு, இந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். முன்பே புகார் பதிந்து அந்தத் தொகையையும் அதில் சொல்லியிருந்தால், விளக்கம் சொல்வது மிகவும் எளிதாகும். கணக்கு முடங்கினால் எந்த ஊர்க் காவல் நிலையத்தின் கோரிக்கையால் முடங்கியது என்று வங்கியிடம் எழுதிக் கேட்டு வாங்கி, அந்த நிலையத்துக்குப் புகார் நகலை அனுப்ப வேண்டும்.

ஆதாரம் சேர்த்துப் புகார் பதிந்த பிறகு ஆப்பை நீக்கலாம். தனியாக இறக்கிய கோப்பு குறுஞ்செய்தி படிக்கவோ திரையைப் பார்க்கவோ அனுமதி வாங்கியிருக்கக்கூடும். எனவே வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுவது பாதுகாப்பு. ஆதாரும் பானும் கொடுத்திருந்தால் கிரெடிட் அறிக்கையை எடுத்து, தன் பெயரில் தெரியாத கடன் ஏதும் இல்லை என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை இதை இலவசமாகத் தர வேண்டும். ஆதாரின் பயோமெட்ரிக்கையும் பூட்டி வைக்கலாம்.

விடைபெறும் செய்தி எதுவும் தேவையில்லை. எல்லா எண்களையும் முடக்கிவிட்டு, திருமணத் தளத்தில் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் செய்தால் போதும். சிலருக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். பணம் போனது புரிந்துவிடும், ஆள் இல்லை என்பது புரிய நாளாகும். ஒருவேளை அவரும் ஏமாந்திருப்பாரோ என்ற எண்ணம் இரவில் வரும். அந்த நேரத்தில் முடக்கத்தை நீக்கி ஒரு செய்தி அனுப்பினால், மீண்டும் அதே கையேட்டின் இன்னொரு பக்கம் திறக்கும். வீட்டில் ஒருவரிடமாவது முழுத்தொகையையும் மறைக்காமல் சொல்லிவிடுவது இதற்குத்தான் உதவுகிறது. அந்தப் போனை அந்த இரவில் கையிலிருந்து வாங்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். கேட்பவர் "எப்படி ஏமாந்த?" என்று தொடங்காமல், "எந்தெந்தத் தேதியில போச்சு, எழுதலாம்" என்று தொடங்கினால் சொல்பவர் மிச்சத்தையும் சொல்வார். அமெரிக்காவில் இந்த மோசடியில் சிக்கியவர்களை எஃப்.பி.ஐ. 2024 முதல் தானாகத் தேடிப் போய் எச்சரித்தபோது, சுமார் நான்கில் மூன்று பேருக்குத் தாங்கள் ஏமாற்றப்படுவதே அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அந்தரங்கப் படங்களை அனுப்பியிருந்தால் மிரட்டல் வரலாம். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, கொடுக்கக்கூடிய ஆள் என்று தெரிந்து மேலும் கேட்பார்கள். மிரட்டும் செய்திகளைச் சேமித்து அதே இணையக் குற்றத் தளத்தில் சேர்த்துப் புகார் செய்ய வேண்டும். stopncii.org என்ற இலவசத் தளத்தில் பதிந்தால், படத்தை யாருக்கும் அனுப்பாமலேயே அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும் உருவாக்கப்படும். அந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படம் பரவாமல் தடுக்க அதைப் பயன்படுத்துகின்றன.

சில வாரங்கள் கழித்து இன்னோர் அழைப்பு வரும். இழந்த பணத்தை மீட்டுத் தரும் வழக்கறிஞர் என்றோ, கிரிப்டோ நிபுணர் என்றோ, சைபர் பிரிவு அதிகாரி என்றோ சொல்வார். எவ்வளவு இழந்தீர்கள் என்ற கணக்கு அவரிடம் ரூபாய் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் பட்டியல் பழைய கூட்டத்திலிருந்தே வந்தது, அல்லது அதே கூட்டம்தான் பேசுகிறது. பணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, விடுவிக்க நீதிமன்றக் கட்டணமாக 40,000 கட்டுங்கள் என்பார். காவல்துறையோ நீதிமன்றமோ நிறுத்தி வைத்த பணத்தை விடுவிக்கத் தொலைபேசியில் கட்டணம் கேட்பதில்லை. புகார் எண்ணை வைத்து cybercrime.gov.in தளத்திலேயே நிலையைப் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் புகாரை விசாரிக்கும் காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். அழைத்தவரின் எண்ணையும் அவர் தந்த கணக்கு எண்ணையும் அதே புகாரில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.